ஒரு கணினியின் இமேஜ் முப்பது கணினிக்கு: லேப் முழுக்க ஒரே அமைப்பைப் போடும்போது உள்ளே நடப்பது என்ன?

"லேப்புல எல்லா சிஸ்டத்துக்கும் கோஸ்ட் போட்டாச்சா?" கல்லூரிகளிலும் பயிற்சி மையங்களிலும் செமஸ்டர் தொடங்கும் முன் கேட்கும் கேள்வி இது. கோஸ்ட் என்பது 1995இல் நியூசிலாந்தில் உருவான ஒரு மென்பொருள். 1998இல் சைமென்டெக் அதை வாங்கியது. அந்த மென்பொருளைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட இன்று "கோஸ்ட் போடு" என்கிறார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது, பொருள்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலருக்கு அது C டிரைவை காப்பி பேஸ்ட் செய்வது. சிலருக்கு விண்டோஸ் ஐஎஸ்ஓ கோப்பை பென் டிரைவில் ஏற்றுவது. இன்னும் சிலருக்கு அது பேக்கப்.

இவை மூன்றும் வேறு வேறு வேலைகள். இங்கே பார்க்கப்போவது இதுதான்: ஒரு கணினியை முழுமையாகத் தயார் செய்து, அதன் டிஸ்க்கை ஒரே தொகுப்பாகச் சேமித்து, அந்தத் தொகுப்பை ஒரே மாதிரியான பல கணினிகளில் ஒரே நேரத்தில் இறக்குவது. உதாரணத்துக்கு 30 கணினிகள் உள்ள ஒரு லேப். எல்லாவற்றிலும் விண்டோஸ் 11, 256 ஜிபி எஸ்எஸ்டி, கம்பி வழி நெட்வொர்க். கருவி குளோன்சில்லா. தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையம் உருவாக்கிய இலவச, கட்டற்ற மென்பொருள் அது.

## டிஸ்க் இமேஜ் என்றால் என்ன?

நூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 20 பக்கம்தான் எழுதியிருக்கிறது. இதை அப்படியே இன்னொரு நோட்டில் கொண்டுவர இரண்டு வழி உண்டு. எழுதியதைப் படித்துப் படித்துப் புதிதாக எழுதலாம். அல்லது எழுதிய 20 பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனையாவது பக்கம் என்று குறித்து, புது நோட்டில் அதே இடத்தில் ஒட்டலாம். முதல் வழி கோப்புகளை காப்பி பேஸ்ட் செய்வது. இரண்டாவது, டிஸ்க் இமேஜ்.

இடம் மாறாமல் ஒட்டுவது ஏன் முக்கியம்? கணினி தொடங்கும்போது முதலில் தேடுவது உங்கள் கோப்புகளை அல்ல. டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணையையும், விண்டோஸை எழுப்பும் சிறு நிரலையும்தான். அவை C டிரைவுக்குள் இல்லை. விண்டோஸ் 11 போட்ட டிஸ்க்கில் பொதுவாக நான்கு பிரிவுகள் இருக்கும். இந்தப் பிரிவைப் பார்ட்டிஷன் என்கிறோம். தொடக்க நிரல் உள்ள சிறிய பார்ட்டிஷன் ஒன்று, 16 எம்பி அளவில் விண்டோஸ் தனக்கென ஒதுக்கியது ஒன்று, C டிரைவ், கடைசியில் பழுது நீக்கும் பார்ட்டிஷன். நமக்கு 'மை கம்ப்யூட்டரில்' தெரிவது C மட்டும். அதை மட்டும் நகலெடுத்த டிஸ்க் கணினியை எழுப்பாது என்பதற்குக் காரணம் இதுதான்.

குளோன்சில்லா சேமித்த இமேஜைத் திறந்து பார்த்தால் அது ஒரு கோப்பு அல்ல, ஒரு ஃபோல்டர் என்பது தெரியும். அதில் முக்கியமானவை ஏறத்தாழ இப்படி இருக்கும். சுருக்கும் முறையைப் பொறுத்துப் பெயரின் வால் மாறலாம்.

```
nvme0n1-pt.sf
nvme0n1p1.vfat-ptcl-img.zst
nvme0n1p2.dd-ptcl-img.zst
nvme0n1p3.ntfs-ptcl-img.zst
nvme0n1p4.ntfs-ptcl-img.zst
```

முதல் வரி பிரிப்பு அட்டவணை. மற்ற நான்கும் நான்கு பார்ட்டிஷன்கள். பெயரில் `vfat` அல்லது `ntfs` என்று இருந்தால், பார்ட்குளோன் என்ற உள்நிரல் அந்தப் பார்ட்டிஷனின் அமைப்பைப் புரிந்துகொண்டு எழுதிய பக்கங்களை மட்டும் எடுத்திருக்கிறது என்று பொருள். `dd` என்று இருந்தால் புரியவில்லை, வெற்றுப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் எடுத்துவிட்டது என்று பொருள். 16 எம்பி பார்ட்டிஷனுக்கு அப்படி வருவது இயல்பு, கவலையில்லை. C டிரைவுக்கு `dd` வந்தால் ஏதோ தவறு. அந்தக் கதை கீழே வருகிறது.

நம் உதாரணத்தில் C டிரைவ் 256 ஜிபி டிஸ்க்கில் இருந்தாலும் நிரம்பியிருப்பது 45 ஜிபி என்று வைப்போம். எழுதிய பக்கங்களை மட்டும் எடுத்துச் சுருக்கினால் 24 ஜிபி அளவுக்கு வரலாம். இனி வரும் கணக்கெல்லாம் இந்த 24 ஜிபியை வைத்துத்தான்.

இதுவரை: இமேஜ் என்பது டிஸ்க்கின் எழுதப்பட்ட பகுதிகளும், அவை எந்த இடத்தில் இருந்தன என்ற குறிப்பும், பிரிப்பு அட்டவணையும் சேர்ந்த தொகுப்பு. ஐஎஸ்ஓ என்பது இன்ஸ்டால் செய்வதற்கான மூலப்பொருள். இமேஜ் என்பது எல்லாம் இன்ஸ்டால் செய்து முடித்த கணினியின் நகல்.

## இமேஜில் வராதது

டிஸ்க்கில் இல்லாத எதுவும் டிஸ்க் இமேஜில் வராது. சொன்னால் சிரிப்பாக இருக்கும், ஆனால் லேப்பில் பாதி நேரம் வீணாவது இதை மறந்துவிடுவதால்தான். பயாஸ் அமைப்புகள் மதர்போர்டில் இருக்கின்றன. 29 கணினி நன்றாக எழும்பி, ஒன்று மட்டும் நீலத் திரையில் `INACCESSIBLE_BOOT_DEVICE` என்று நின்றால், இமேஜைச் சந்தேகிக்கும் முன் அந்தக் கணினியின் பயாஸைத் திறந்து, டிஸ்க் கன்ட்ரோலர் மற்றவற்றில் உள்ளதுபோல `AHCI` முறையில் இருக்கிறதா, `RAID` முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் கணினிகளில் `RAID` அல்லது `VMD` முறை இயங்கினால் குளோன்சில்லாவின் கண்ணுக்கு டிஸ்க்கே தெரியாமல் போவதும் உண்டு. தொடங்கும் முன் 30 கணினியின் பயாஸையும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது அரை மணி நேர வேலை. பிறகு தேடுவதைவிட அது மலிவு.

டிஸ்க்கின் அளவும் அப்படித்தான். இமேஜ் வெறும் 24 ஜிபி, எனவே 240 ஜிபி டிஸ்க்கில் தாராளமாகப் போடலாம் என்று தோன்றும். போடாது. அட்டவணை 256 ஜிபி டிஸ்க்குக்காக எழுதப்பட்டது. கடைசிப் பார்ட்டிஷன் புது டிஸ்க்கின் எல்லைக்கு வெளியே விழும். நூறு பக்க நோட்டின் 98ஆம் பக்கத்தை 90 பக்க நோட்டில் எங்கே ஒட்டுவது? ஒரே "256" என்று விற்கப்படும் டிஸ்க்குகள்கூடக் கம்பெனிக்குக் கம்பெனி சற்றே வேறுபடலாம். இதற்குக் குளோன்சில்லாவில் பல விருப்பத் தேர்வுகள் உண்டு என்றாலும், தொடக்கநிலையில் இருப்பவருக்கு எளிய விதி ஒன்று போதும்: லேப்பிலேயே மிகச் சிறிய டிஸ்க் உள்ள கணினியில் மாதிரியைத் தயார் செய்யுங்கள். சிறியதிலிருந்து பெரியதுக்குப் போவது எப்போதும் நடக்கும்.

## பெயர் எழுதிய விண்ணப்பத்தை ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது

பூர்த்தி செய்து கையெழுத்தும் போட்ட விண்ணப்பத்தை 30 நகல் எடுத்துக் கொடுத்தால் அலுவலகத்தில் என்ன ஆகும்? 30 பேரும் ஒரே ஆள். பொதுவான தகவல்களை நிரப்பி, பெயர் இடத்தைக் காலியாக விட்டு நகல் எடுத்தால்தான் அவரவர் பெயரை எழுதிக்கொள்ள முடியும்.

விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போது தனக்கென ஓர் அடையாள எண்ணை உருவாக்கிக்கொள்கிறது. எஸ்ஐடி என்பது அதன் பெயர். இமேஜை அப்படியே இறக்கினால் 30 கணினிக்கும் ஒரே எஸ்ஐடி. இது பெரிய விஷயமா என்பதில் நீண்ட நாள் குழப்பம் இருந்தது. எஸ்ஐடி மாற்றும் ஒரு கருவியை எழுதிய மார்க் ருசினோவிச்சே, 2009இல் அது தேவையில்லை என்று சொல்லி அதை நிறுத்திவிட்டார். அன்று தொடங்கி "எஸ்ஐடி ஒன்றானால் ஒன்றும் ஆகாது" என்பது லேப் பொறுப்பாளர்கள் மத்தியில் வேதவாக்கு. அதை இப்போது மறந்துவிட வேண்டும். 2025 ஆகஸ்ட் இறுதிக்குப் பின் வந்த விண்டோஸ் 11 அப்டேட்கள் (24H2, 25H2 பதிப்புகளில்) ஒரே எஸ்ஐடி உள்ள இரண்டு கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் சரிபார்ப்பதை மறுக்கின்றன. பகிர்ந்த ஃபோல்டரைத் திறந்தால் சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் மறுபடி மறுபடி கேட்கும், ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே விடாது. பல ஆண்டாக ஓடிய லேப் ஓர் அப்டேட்டில் ஒரே நாளில் நின்றுபோவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

சோதிப்பது எளிது. அக்கம்பக்கத்துக் கணினிகள் இரண்டில், அந்தந்தக் கணினியிலேயே உருவாக்கிய பயனராக நுழைந்து இதை அடியுங்கள்:

```
whoami /user
```

`S-1-5-21-` என்று தொடங்கி, மூன்று நீண்ட எண்கள், கடைசியில் `1001` போல ஒரு சிறிய எண் வரும். நடுவில் உள்ள மூன்று எண்கள்தான் அந்தக் கணினியின் எஸ்ஐடி. இரண்டு திரையிலும் அவை ஒன்றாக இருந்தால், பெயர் எழுதிய விண்ணப்பத்தை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறீர்கள்.

பெயர் இடத்தைக் காலி செய்யும் கருவியை மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸுக்குள் வைத்திருக்கிறது. அது சிஸ்பிரெப். எஸ்ஐடி, கணினியின் பெயர், ஆக்டிவேஷன் தொடர்பான அடையாளம் ஆகியவற்றை அது துடைத்துவிடும். அடுத்த முறை கணினி எழும்போது புதிதாக வாங்கிய கணினி போலவே தன்னை அமைத்துக்கொள்ளும், புது எஸ்ஐடியும் பிறக்கும்.

இதுவரை: இமேஜில் பயாஸ் அமைப்புகள் வராது, எனவே அவற்றைக் கணினிக்குக் கணினி சரிபார்க்க வேண்டும். வரக் கூடாத அடையாளங்கள் வந்துவிடும், எனவே அவற்றை இமேஜ் எடுக்கும் முன் சிஸ்பிரெப் கொண்டு துடைக்க வேண்டும்.

## மாதிரிக் கணினியைத் தயார் செய்வது

விண்டோஸை இன்ஸ்டால் செய்து, எந்த நாடு என்று கேட்கும் முதல் திரை வந்ததும் எதையும் தேர்ந்தெடுக்காமல் `Ctrl+Shift+F3` அழுத்துங்கள். கணினி ஒருமுறை அணைந்து எழுந்து, நேராக டெஸ்க்டாப்புக்குப் போகும். இதை ஆடிட் மோட் என்பார்கள். புதுப் பயனர் யாரையும் உருவாக்காமலே மென்பொருள்களை நிறுவ வசதியான நிலை இது. கம்பைலர், ஆபிஸ், தமிழ் விசைப்பலகை என்று லேப்புக்கு வேண்டிய அனைத்தையும் இங்கேயே போட்டுவிடலாம். நடுவில் சிஸ்பிரெப் சிறு பெட்டி ஒன்று திரையில் நிற்கும். அதை மூடிவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஆடிட் மோடில் இருக்கும்வரை நெட் கேபிளைச் செருகாதீர்கள். இன்ஸ்டால் கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். நெட் கிடைத்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் சத்தமில்லாமல் சில செயலிகளை அப்போது இருக்கும் பயனருக்கு மட்டும் புதுப்பித்துவிடும். பிறகு சிஸ்பிரெப் "இந்தச் செயலி ஒரு பயனருக்கு மட்டும் இருக்கிறது, எல்லோருக்கும் இல்லை" என்று சண்டித்தனம் செய்து நின்றுவிடும். திரையில் தெரிவது `Sysprep was not able to validate your Windows installation` என்ற மொட்டை வரியும், பதிவுக் கோப்பைப் பார்க்கச் சொல்லும் குறிப்பும்தான். எந்தச் செயலி என்பது `C:\Windows\System32\Sysprep\Panther\setupact.log` கோப்பின் கடைசி வரிகளில் பெயரோடு இருக்கும்.

எல்லாம் நிறுவிய பிறகு இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்பது. விண்டோஸ் 11 பல கணினிகளில் தானாகவே பிட்லாக்கரால் டிஸ்க்கைப் பூட்டிவிடுகிறது. பூட்டிய டிஸ்க்கில் எது எழுதிய பக்கம், எது வெற்றுப் பக்கம் என்று பார்ட்குளோனுக்குத் தெரியாது. அதனால்தான் முன்னே சொன்ன `dd` வருகிறது: 24 ஜிபி வர வேண்டிய இமேஜ் டிஸ்க் அளவுக்கே, 230 ஜிபிக்கு மேல் போய் நிற்கும், சுருங்கவும் சுருங்காது. இமேஜ் எடுக்கும்போது மீதி நேரம் மணிக்கணக்கில் காட்டினால் உடனே நிறுத்திவிட்டு இதைச் சோதியுங்கள். இரண்டாவது, விண்டோஸின் விரைவுத் தொடக்கம். அது இயங்கும்போது கணினி முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் கிடக்கிறது. அந்த நிலையில் உள்ள டிஸ்க்கைப் படிக்கப் பார்ட்குளோன் மறுக்கும்.

```
manage-bde -status C:
manage-bde -off C:
powercfg /h off
```

இரண்டாவது கட்டளை பூட்டைத் திறக்கத் தொடங்கும், ஆனால் உடனே முடியாது. முதல் கட்டளையை மறுபடி அடித்து `Fully Decrypted` என்று வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் கணினியை அணைத்து ஓர் இமேஜ் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். சிஸ்பிரெப்புக்கு முந்தைய இமேஜ் இது. அடுத்த செமஸ்டரில் ஒரு மென்பொருள் சேர்க்க வேண்டுமென்றால் இதிலிருந்து தொடங்கலாம். சிஸ்பிரெப் இடையில் தடுமாறினாலும் திரும்பி வர ஓர் இடம் இருக்கும். பிறகு:

```
cd C:\Windows\System32\Sysprep
sysprep /generalize /oobe /shutdown /unattend:C:\lab\unattend.xml
```

கடைசியில் உள்ள `unattend.xml` ஒரு விடைத்தாள். நாடு, மொழி, விசைப்பலகை, பயனர் பெயர் என்று விண்டோஸ் முதல்முறை எழும்போது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடையை முன்கூட்டியே எழுதி வைத்த கோப்பு. அது இல்லாமலும் வேலை நடக்கும், 30 கணினி முன்னாலும் உட்கார்ந்து அதே கேள்விகளுக்கு 30 முறை பதில் சொல்லத் தயாராக இருந்தால்.

வேலை முடிந்ததும் கணினி தானே அணையும். அடுத்து அது பென் டிரைவிலிருந்துதான் எழ வேண்டும். கை தவறி விண்டோஸே எழுந்துவிட்டால் துடைத்த பெயர் இடத்தில் புதுப் பெயர் எழுதப்பட்டுவிடும், சிஸ்பிரெப்பை மறுபடி ஓட்ட வேண்டும். எனவே பயாஸில் யூஎஸ்பியை முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு சிஸ்பிரெப்பை ஓட்டுங்கள்.

குளோன்சில்லா பென் டிரைவில் எழுந்ததும் `device-image`, பிறகு இமேஜை வைக்கும் வெளி ஹார்ட் டிஸ்க், பிறகு `savedisk` என்று தேர்வு செய்யலாம். முடிவில் சேமித்த இமேஜைச் சரிபார்க்கவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். அடுத்து, மாதிரிக் கணினி அல்லாத வேறொரு கணினியில் மட்டும் அந்த இமேஜை இறக்கி, அது எழுந்து, மென்பொருள்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் உள்ள பிழையைத் திருத்துவது ஒரு வேலை, முப்பதில் திருத்துவது முப்பது வேலை.

## முப்பதுக்கும் ஒரே நேரத்தில்: டிக்டேஷன் சொல்வது போல

வகுப்பில் ஆசிரியர் ஒரு பத்தியை எல்லா மாணவர்களிடமும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மேசையாகப் போய் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னால் 30 முறை சொல்ல வேண்டும். முன்னால் நின்று ஒருமுறை சொன்னால் எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். முதல் முறைக்கு யூனிகாஸ்ட் என்று பெயர், இரண்டாவதற்கு மல்டிகாஸ்ட்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஜிகாபிட் நெட்வொர்க்கில் ஒரு நொடிக்கு நடைமுறையில் 110 எம்பி அளவு போகும். 24 ஜிபி இமேஜ் ஒரு கணினிக்குப் போக 4 நிமிடத்துக்குள் ஆகும். 30 கணினிக்கும் யூனிகாஸ்ட் என்றால் சர்வரிலிருந்து 720 ஜிபி வெளியேற வேண்டும். ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம். மல்டிகாஸ்ட்டில் அதே கம்பி வழியாக 24 ஜிபி ஒரே ஒருமுறை போகிறது. நொடிக்கு 50 எம்பி என்று மெதுவாகவே ஓடினாலும் 8 நிமிடம். குளோன்சில்லாவின் தளத்தில் அவர்களே தரும் எடுத்துக்காட்டில் 5.6 ஜிபி இமேஜை 41 கணினிகளில் சுமார் 10 நிமிடத்தில் மல்டிகாஸ்ட் மூலம் இறக்கியிருக்கிறார்கள். கணினிகள் பெருகினாலும் நேரம் அந்த அளவில் பெருகாது.

ஆனால் டிக்டேஷனில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு மாணவன் "சார், கேட்கலை" என்றால் ஆசிரியர் திரும்பச் சொல்ல வேண்டும், மற்ற 29 பேரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மல்டிகாஸ்ட்டிலும் அப்படியே. குளோன்சில்லா இதற்கு உள்ளே பயன்படுத்தும் யூடிபிகாஸ்ட் நிரல், ஒவ்வொரு துண்டையும் அனுப்பிவிட்டு எல்லாக் கணினிகளும் பெற்றனவா என்று கேட்கும். ஒன்று பெறவில்லை என்றாலும் திரும்ப அனுப்பும். ஆகவே முழு லேப்பின் வேகம், இருப்பதிலேயே மெதுவான கணினியின் வேகம்.

இதை ஒருமுறை நேரில் பார்த்தால் மறக்காது. 30 கணினியில் ஒன்றின் கேபிளில், எட்டுக் கம்பியில் ஒன்று கிளிப்புக்குள் சரியாக உட்காரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நெட் வேலை செய்யும், பிரவுசர் திறக்கும், யாருக்கும் குறை தெரியாது. ஆனால் அந்த இணைப்பு ஜிகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கும். அதாவது நொடிக்கு 11 எம்பி. இப்போது 30 கணினியும் 11 எம்பி வேகத்தில்தான் ஓடும். 8 நிமிட வேலை 36 நிமிடம் ஆகும். சர்வர் திரையில் `re-xmits` என்ற எண்ணைப் பாருங்கள். திரும்ப அனுப்பியவற்றின் எண்ணிக்கை அது, பக்கத்தில் சதவீதமும் இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் யாரோ ஒருவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. யார் என்பதை ஸ்விட்ச்சின் விளக்குகள் சொல்லும். பெரும்பாலான ஸ்விட்ச்களில் 100 மெகாபிட் இணைப்புக்கு விளக்கின் நிறம் வேறு. முப்பது பச்சைக்கு நடுவே ஒரு மஞ்சள் தெரிந்தால் அந்தக் கேபிளை மாற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

வேகம் ஒரே சீராகக் குறைவாக இருந்து `re-xmits` ஏறாமல் இருந்தால் குறை சர்வர் பக்கம். இமேஜ் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கைப் பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகியிருக்கலாம். அதில் நொடிக்கு 30 எம்பிக்குச் சற்று மேல்தான் படிக்க முடியும். ஆசிரியரே மெதுவாகப் படித்தால் மாணவர்கள் என்ன செய்வார்கள்?

இதுவரை: மல்டிகாஸ்ட்டில் இமேஜ் ஒருமுறைதான் கம்பியில் போகிறது, அதனால் 30 கணினிக்கும் ஏறத்தாழ ஒரு கணினிக்கு ஆகும் நேரமே ஆகிறது. விலை என்னவென்றால், மெதுவான ஒன்று எல்லாவற்றையும் மெதுவாக்கும்.

## இறக்கும் நாள்

முதல் வேலை, லேப் ஸ்விட்ச்சிலிருந்து கல்லூரி நெட்வொர்க்குக்குப் போகும் கேபிளைக் கழற்றுவது. காரணம் இருக்கிறது. இமேஜை வாங்கப்போகும் கணினிகள் தங்கள் டிஸ்க்கிலிருந்து எழாமல் நெட்வொர்க் வழியாக எழ வேண்டும். அப்படி எழும் கணினி முதலில் "எனக்கு ஒரு ஐபி முகவரி கொடுங்கள்" என்று கேட்கும். முகவரி கொடுக்கும் சேவைக்கு டிஎச்சிபி என்று பெயர். குளோன்சில்லா அந்தச் சேவையைத் தானே தொடங்கும். கேபிளைக் கழற்றாவிட்டால் அலுவலகக் கணினிகளும் அதனிடம் முகவரி வாங்கி, நெட் இல்லாமல் நிற்கும். அடுத்த பத்து நிமிடத்தில் உங்கள் போன் அடிக்கும். வைஃபை வழியாக மல்டிகாஸ்ட் செய்யும் எண்ணமே வேண்டாம். விட்டுப்போகும் துண்டுகள் அதில் அதிகம்.

சர்வராக இருக்கப்போகும் கணினியைக் குளோன்சில்லா பென் டிரைவில் எழுப்பி `lite-server` தேர்ந்தெடுங்கள். தனியாக சர்வர் நிறுவ வேண்டியதில்லை. டிஎச்சிபி பற்றிக் கேட்கும்போது `start-new-dhcpd`, பிறகு `massive-deployment`, `from-image`, இமேஜின் பெயர், `restoredisk`, `multicast` என்று வரிசையாகப் போகும். இந்த வழியில் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று, முடிந்த பிறகு கணினிகள் என்ன செய்ய வேண்டும் என்பது. `poweroff` என்று சொல்லுங்கள். மறுதொடக்கம் என்று சொன்னால், நெட்வொர்க் பூட் முதலிடத்தில் இருக்கும் கணினி மறுபடி சர்வரிடமே போய், இமேஜை மறுபடி வாங்க வரிசையில் நிற்கும். அணைந்து கிடக்கும் கணினியைப் பார்த்தாலே முடிந்தது என்று தெரிவதும் ஒரு வசதி. இன்னொன்று, எத்தனை கணினிகளுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது. மல்டிகாஸ்ட் தொடங்கிய பின் வந்து சேரும் கணினிக்கு இடமில்லை. டிக்டேஷன் பாதியில் வந்தவன் முதல் பாதியை எங்கே போய்க் கேட்பான்? 30 என்று கொடுத்துவிட்டு 29 மட்டும் வந்தால் முப்பதாவதுக்காக எல்லாம் நின்றுகொண்டே இருக்கும். எண்ணிக்கையோடு நேர வரம்பையும் சேர்த்துக் கொடுக்கும் `clients+time-to-wait` இதற்குத்தான். 30 கணினி, 300 நொடி என்று கொடுத்தால் முப்பதும் வந்தவுடன் தொடங்கும். வராவிட்டால் 5 நிமிடத்தில் வந்தவற்றோடு தொடங்கிவிடும்.

இப்போது ஒவ்வொரு கணினியாக இயக்கி, பூட் மெனுவில் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கலாம். திரையில் `Start PXE over IPv4` என்று வந்து, முகவரி வாங்கி, சிறிய லினக்ஸ் ஒன்று நினைவகத்தில் ஏறி, காத்திருக்கத் தொடங்கும். அந்த வரியிலேயே நின்றுவிட்டால் கேபிள் அல்லது ஸ்விட்ச். லினக்ஸ் ஏறத் தொடங்குமுன் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி நின்றால் பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து காத்திருந்தும் ஒரு பைட்டும் நகரவில்லை என்றால், விலையுயர்ந்த ஸ்விட்ச்களில் இருக்கும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதி மல்டிகாஸ்ட்டைத் தடுத்திருக்கலாம். அதை அந்த ஸ்விட்ச்சில் அணைக்கலாம், அல்லது சாதாரண ஸ்விட்ச் ஒன்றில் கேபிள்களை மாற்றிச் செருகலாம். வேடிக்கையாக, இந்த வேலைக்கு மலிவான ஸ்விட்ச்தான் தொல்லையில்லாதது. வந்த மல்டிகாஸ்ட்டை எல்லாத் துளைக்கும் அனுப்பிவிடும், வேறெதுவும் யோசிக்காது.

பார்ட்டிஷன் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போகும். சிறியவை கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும், C டிரைவ்தான் நேரம் எடுக்கும். எல்லாம் அணைந்த பிறகு ஒவ்வொன்றையும் டிஸ்க்கிலிருந்து எழுப்பினால், விண்டோஸ் தன்னைப் புதிதாக அமைத்துக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வரும். விடைத்தாளில் பெயர் தராவிட்டால் ஒவ்வொன்றும் ஏதாவதொரு பெயரோடு வந்து நிற்கும். மேசை எண்ணோடு பொருந்தும் பெயரை நிர்வாகி உரிமையோடு திறந்த பவர்ஷெல்லில் கொடுக்கலாம்:

```
Rename-Computer -NewName "LAB2-07" -Restart
```

ஆக்டிவேஷன் பற்றி ஒரு வார்த்தை. இப்படி ஒரே இமேஜைப் பல கணினியில் போடும் உரிமை மைக்ரோசாஃப்ட்டின் வால்யூம் லைசென்ஸ் வாங்கிய நிறுவனங்களுக்கே உண்டு. கணினியோடு வந்த விண்டோஸின் உரிமம், அதை இமேஜ் எடுத்துப் பரப்ப இடம் தராது. கல்லூரியில் ஆக்டிவேஷன் சர்வர் இருந்தால் அது குறைந்தது 25 கணினிகளைக் கண்ட பிறகே விண்டோஸை ஆக்டிவேட் செய்யத் தொடங்கும். சிஸ்பிரெப் போடாத இமேஜ் என்றால் 30 கணினியும் அதன் கண்ணுக்கு ஒரே கணினி. எண்ணிக்கை 1இலேயே நிற்கும்.

மாணவர்களை உள்ளே விடும் முன் இரண்டு கணினிகளில் `whoami /user` அடித்து ஒப்பிட்டுவிடுங்கள். கழற்றிய கேபிளை மறுபடி செருகவும் மறக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கில் இமேஜ் ஃபோல்டரின் பெயரில் லேப், மாதம், சிஸ்பிரெப்புக்கு முன்னதா பின்னதா என்ற மூன்றும் இருக்கட்டும், `lab2-2026-01-before`, `lab2-2026-01-after` என்பதுபோல. ஆறு மாதம் கழித்து அதைத் தேடுபவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.